தங்கத்தைத் துரத்தும் பணம்: அந்த வட்ஸ்அப் படத்தைப் பற்றி ஒரு கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது எனது மாணவன் ஒருவனின் வாப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். சின்னதொரு கடை வைத்திருப்பவர். போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். உங்களில் பலருக்கும் அந்தப் படம் வந்திருக்கும். அமெரிக்காவின் பண நிரம்பல் ஒரு கோடு, தங்கத்தின் விலை இன்னொரு கோடு. இரண்டும் 1971இலிருந்து கைகோர்த்துக்கொண்டு மேலே ஏறுகின்றன. கீழே, "பணம் வெறும் கடதாசி. காசை எல்லாம் தங்கமாக்குங்கள். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்" என்று எழுதியிருந்தது.

"சேர், மகளின் நிக்காஹ்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. பன்னிரண்டு இலட்சம் சேர்த்து வச்சிருக்கன். மனிசிட நகையையும் அடகு வச்சு, எல்லாத்துக்கும் இப்பவே பவுண் வாங்கிப் போடட்டா?" என்று கேட்டார்.

பள்ளிவாசல் வாசலில் நின்று சொல்லக்கூடிய பதில் அல்ல அது. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படத்தில் உள்ள உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அது முழுப் பொய் அல்ல.

எனது உம்மாவின் மஹர் 1,001 ரூபா. 1985இல் நடந்த நிக்காஹ். அந்த வருடம் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் சராசரியாக 317 டொலர். ஒரு டொலர் 27 ரூபா போல. ஒரு அவுன்ஸில் 31.1 கிராம், ஒரு பவுணில் 8 கிராம். ஆகவே டொலர் விலையை ரூபாவால் பெருக்கி 3.89ஆல் வகுத்தால் ஒரு பவுணின் விலை வரும். 1985இல் அது 2,200 ரூபா அளவில் இருந்தது. அதாவது உம்மாவின் 1,001 ரூபாவுக்கு அன்று மூன்றரை கிராமுக்கு மேல் சுத்தத் தங்கம் வாங்கியிருக்கலாம். 2025 ஒக்டோபரில் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. அந்த விலைக்கு அதே கணக்கைப் போட்டால் பவுண் 3 இலட்சத்து 10 ஆயிரத்துக்கு மேல். இன்று அந்த 1,001 ரூபாவுக்குக் கிடைப்பது ஒரு அரிசி மணியின் எடையுள்ள தங்கம்.

காசைக் கையில் வைத்திருந்தவர் தோற்றார், தங்கத்தை வைத்திருந்தவர் தப்பினார். இது நடந்த விடயம்தான். ஏன் நடந்தது?

உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்களுக்கு விரிந்த பண நிரம்பல் என்ற சொல் நினைவிருக்கும். மக்களின் கையிலுள்ள நோட்டு, நடைமுறைக் கணக்கு, சேமிப்புக் கணக்கு, நிலையான வைப்பு எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகை அது. இதில் நோட்டும் சில்லறையும் பத்தில் ஒரு பங்கு போலத்தான். மற்றதெல்லாம் வங்கிப் புத்தகத்தில் உள்ள எண்கள். வங்கி ஒருவருக்குக் கடன் கொடுக்கும்போது அவருடைய கணக்கில் ஒரு தொகையைப் பதிகிறது. அது புதிய பணம். அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கி வாங்கினால் அதுவும் புதிய பணம். ஆகவே "காசு அச்சடிக்கிறார்கள்" என்பதில் பெரும்பகுதி அச்சு இயந்திரத்தில் நடப்பதில்லை. கடனாகப் பிறக்கிறது.

நமது நாட்டில் 2000ஆம் ஆண்டு முடிவில் இந்த விரிந்த பணம் 480 பில்லியன் ரூபா அளவில் இருந்தது. 2024 முடிவில் 14 ட்ரில்லியனைத் தாண்டிவிட்டது. 24 வருடத்தில் சுமார் 30 மடங்கு. தங்கமோ அப்படிப் பெருகாது. உலகத்தில் இதுவரை தோண்டி எடுத்த தங்கம் இரண்டு இலட்சம் தொன்னுக்குச் சற்று மேல். வருடத்துக்குப் புதிதாக வருவது 3,600 தொன் போல. இரண்டு வீதம்கூட இல்லை. வருடத்துக்குப் பதினைந்து வீதம் பெருகும் ஒன்றுக்கும் இரண்டு வீதத்துக்குள் பெருகும் ஒன்றுக்கும் இடையில் நீண்ட காலத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

இப்போது தங்கத்தின் பக்கம். 2000 முடிவில் அவுன்ஸ் 272 டொலர் போல, டொலர் 80 ரூபா போல. பவுண் 5,600 ரூபா. 2024 முடிவில் அவுன்ஸ் 2,610 டொலர் போல, டொலர் 293 ரூபா. பவுண் 1 இலட்சத்து 97 ஆயிரம். 35 மடங்கு.

பணம் 30 மடங்கு, தங்கம் 35 மடங்கு. பார்த்தால் அந்த வட்ஸ்அப் படம் சொன்னதுபோலவே இருக்கிறது அல்லவா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அந்த 35ஐப் பிரித்துப் பாருங்கள். டொலரில் தங்கம் ஏறியது 9.6 மடங்கு. ரூபா விழுந்ததால் வந்தது 3.7 மடங்கு. இரண்டையும் பெருக்கினால்தான் 35. நமது மத்திய வங்கி எவ்வளவு பணம் விட்டாலும் லண்டனில் தங்கத்தின் டொலர் விலை அசையாது. நாம் அந்தச் சந்தையில் ஒரு துளிகூட இல்லை. இங்கே பெருகும் பணம் ரூபாவைத்தான் விழுத்தும். விழுந்த ரூபா வழியாகத்தான் நமது நகைக்கடை விலை ஏறும். ஆகவே நாம் பவுண் விலை என்று பார்க்கும் எண்ணில் இரண்டு வெவ்வேறு கதைகள் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று உலகத்தின் கதை. மற்றது நமது ரூபாவின் கதை.

2022ஐ நினைத்துப் பாருங்கள். எரிபொருள் வரிசையில் நின்ற காலம். 2019 முடிவில் மத்திய வங்கியிடமிருந்த திறைசேரி உண்டியல்கள் நூறு பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2022 முடிவில் அது இரண்டு ட்ரில்லியனையும் தாண்டியிருந்தது. அவ்வளவு பணத்தை விட்டுக்கொண்டே டொலரை 203 ரூபாவில் பிடித்து வைத்திருந்தார்கள். 2022 மார்ச்சில் பிடி விட்டது. மே நடுப்பகுதியில் டொலர் 360 ரூபா. உலகச் சந்தைக் கணக்கில் பவுண் ஒரு இலட்சத்திலிருந்து 1 இலட்சத்து 68 ஆயிரத்துக்குப் போனது. அந்த இரண்டரை மாதத்தில் டொலரில் தங்கத்தின் விலை ஏறவே இல்லை, கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏற்றம் முழுவதும் ரூபாவின் வீழ்ச்சி.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. 2021 முடிவில் வங்கியின் டொலர் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் பவுண் 93 ஆயிரம் ரூபா வரும். கடையில் போய்க் கேட்டால் ஒரு இலட்சத்துக்கு மேல் சொன்னார்கள். வரியும் இறக்குமதிக் கட்டுப்பாடும் அந்த இடைவெளியில் ஒரு பகுதி. மிச்சம், வங்கி சொல்லும் டொலர் விலையை நகை வியாபாரி நம்பவில்லை என்பதன் அடையாளம். இன்றைக்கும் மேலே சொன்ன கணக்கைப் போனிலேயே போட்டுப் பார்க்கலாம். கடை விலைக்கும் கணக்கு விலைக்கும் இடையிலான தூரம் திடீரென்று கூடினால் அது தங்கத்தைப் பற்றிய செய்தி அல்ல, ரூபாவைப் பற்றிய செய்தி.

அதன் பிறகு நடந்ததையும் பாருங்கள். 2023 நடுப்பகுதியில் டொலர் 300 ரூபா அளவுக்கு இறங்கியது. பவுணின் கணக்கு விலை 1 இலட்சத்து 49 ஆயிரத்துக்கு வந்தது. பண நிரம்பல் இறங்கவில்லை, அது ஏறிக்கொண்டே இருந்தது. பயத்தில் 2022 மேயில் நகை வாங்கியவர் ஒரு வருடத்தில் பவுணுக்குப் பத்தொன்பதாயிரம் இழந்தார். செய்கூலி, சேதாரம் அதற்கு மேல்.

சரி, இனி அந்தப் படத்தின் தந்திரத்துக்கு வருகிறேன். எனது பதிவின் முக்கியமான பகுதி இதுதான்.

படம் 1971இல் தொடங்குகிறது. ஏன் 1971? அந்த வருடம் ஓகஸ்ட் 15இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன், வெளிநாட்டு மத்திய வங்கிகள் டொலரைக் கொடுத்து ஒரு அவுன்ஸ் 35 டொலர் வீதம் தங்கம் வாங்கும் வழியை மூடினார். அதுவரை பல வருடமாக அந்த விலை அமுக்கி வைக்கப்பட்டிருந்தது. அமுக்கிய ஸ்பிரிங்கை விட்ட இடத்திலிருந்து அளந்தால் எதுவும் உயரமாகத்தான் தெரியும்.

அதே கணக்கை வேறு வருடங்களிலிருந்து போட்டுப் பார்த்தேன்.

1971இலிருந்து 1980 ஜனவரி வரை: அமெரிக்காவின் விரிந்த பணம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். தங்கம் 35 டொலரிலிருந்து 850 டொலருக்கு, 24 மடங்கு.

1980 ஜனவரியிலிருந்து 2000 வரை: பணம் மூன்று மடங்கு. தங்கம் 850இலிருந்து 280 டொலர் அளவுக்கு. மூன்றில் ஒன்று.

2000இலிருந்து 2011 செப்டெம்பர் வரை: பணம் இரண்டு மடங்கு. தங்கம் 1,895 டொலர், ஆறரை மடங்குக்கு மேல்.

2011 செப்டெம்பரிலிருந்து 2015 டிசெம்பர் வரை: பணம் முப்பது வீதம் போலக் கூடியது. தங்கம் 1,060 டொலருக்கு, நாற்பது வீதத்துக்கும் மேல் இறங்கியது.

பணம் எல்லாக் காலத்திலும் ஏறியிருக்கிறது. தங்கம் அப்படியல்ல. இருபது வருடம் எதிர்த்திசையில் போயிருக்கிறது. இருபது வருடம் என்பது ஒரு பிள்ளை பிறந்து, படித்து, வேலைக்குப் போகும் காலம்.

நமது ரூபாவில் பார்த்தாலும் அதே கதைதான். 1980 ஜனவரி உச்சத்தில் பவுண் கணக்கு விலை 3,400 ரூபா போல. 2000 முடிவில் 5,600. அந்த இருபது வருடத்தில் நமது பண நிரம்பல் பதினைந்து மடங்குக்கும் மேல் பெருகியது. தங்கம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ரூபா மட்டும் அந்தக் காலத்தில் ஐந்து மடங்கு விழுந்திருந்தது. அதாவது ரூபா விழுந்தும்கூடத் தங்கம் காப்பாற்றவில்லை.

இதில் கணிதப் பாடம் ஒன்றும் இருக்கிறது. நீண்ட காலமாக ஏறும் எந்த இரண்டு கோட்டையும் ஒரே படத்தில் போட்டால் அவை சேர்ந்து போவதுபோலத்தான் தெரியும். எனது வகுப்புப் பிள்ளைகளின் உயரத்தையும் அதே வருடங்களின் பண நிரம்பலையும் ஒரே தாளில் வரைந்தால் அவையும் அழகாகப் பொருந்தும். உண்மையான தொடர்பா என்று பார்க்க வேண்டுமானால், பணம் வேகமாகப் பெருகிய வருடங்களில் தங்கமும் வேகமாக ஏறியதா, மெதுவாகப் பெருகிய வருடங்களில் மெதுவாக ஏறியதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போதுதான் படம் உடைகிறது.

அப்படியென்றால் இடையில் தங்கத்தை ஏற்றி இறக்குவது எது? பல காரணங்கள் உண்டு. பெரியது ஒன்று: வங்கியில் பணத்தை வைத்தால் கிடைப்பது விலைவாசி ஏற்றத்தைவிடக் கூடவா, குறைவா என்பது. தங்கம் குட்டி போடாது. பெட்டியில் வைத்த பத்துப் பவுண் பத்து வருடத்துக்குப் பிறகும் பத்துப் பவுண்தான். 1970களில் அமெரிக்காவில் வட்டி விலைவாசியைப் பிடிக்க முடியாமல் ஓடியது. மக்கள் தங்கத்துக்கு ஓடினார்கள். பிறகு அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த போல் வோல்கர் வட்டியை இருபது வீதம் அளவுக்குத் தூக்கினார். டொலரை வைத்திருப்பதே இலாபம் என்றானது. பணம் தொடர்ந்து பெருகியது, தங்கம் விழுந்தது. வட்டி ஹராம் என்ற நமது நிலைப்பாடு வேறு விடயம். உலகச் சந்தையில் விலையைத் தீர்மானிப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

இன்னொன்று மத்திய வங்கிகள். 1999இல் தொடங்கி பிரிட்டன் தன்னிடமிருந்த தங்கத்தில் பாதிக்கும் மேல், 395 தொன், அவுன்ஸ் 275 டொலர் அளவில் விற்றது. அடிமட்ட விலை. பொருளாதார நிபுணர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒரு அரசாங்கமே காலத்தைப் பிழையாகக் கணித்தது. 2022க்குப் பிறகு நிலைமை மறுபக்கம். ரஷ்யாவின் டொலர், யூரோ கையிருப்பு முடக்கப்பட்டதைப் பார்த்த பல நாடுகள் வருடத்துக்கு ஆயிரம் தொன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. 2025இல் தங்கம் ஐம்பது வீதத்துக்கும் மேல் ஏறியபோது அமெரிக்காவின் பணம் ஐந்து வீதம்கூடப் பெருகியதாக இல்லை. ஆகவே இந்த ஏற்றத்துக்கு "காசு அச்சடித்தார்கள்" என்று காரணம் சொல்வது பொருந்தாது.

இதே படத்தோடு இன்னொரு செய்தியும் சுற்றுகிறது. அமெரிக்காவின் மொத்தப் பணத்தை அவர்களிடமுள்ள தங்கத்தால் வகுத்தால் அவுன்ஸ் 80,000 டொலருக்கு மேல் வருகிறது, தங்கம் அங்கேதான் போகப்போகிறது என்று. கணக்குச் சரி. அமெரிக்காவிடம் 8,133 தொன் தங்கம் இருக்கிறது. வகுத்தால் 80,000க்கு மேல்தான் வரும். ஆனால் அதே வகுத்தலை 1971க்குச் செய்து பாருங்கள். அப்போதும் 2,300 டொலருக்கு மேல் வருகிறது. விலையோ 35 டொலர். 1980 உச்சத்துக்குச் செய்தால் 5,500 டொலருக்கு மேல் வரும், விலை 850. டொலர் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்த காலத்திலேயே மொத்தப் பணத்துக்கும் தங்கம் இருக்கவில்லை. ஒருநாளும் பொருந்தாத ஒரு எண் இனிமேல் பொருந்தும் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

இன்று தங்கம் விலை கூடியதா, மலிவா? 2000இலிருந்து அளந்தால் பணத்தை வெகுதூரம் முந்திவிட்டது. 1980இலிருந்து அளந்தால் இன்னும் பின்னால் நிற்கிறது. ஒரே தராசு, இரண்டு தீர்ப்பு. அந்தத் தராசை வைத்து "இப்போதே வாங்கு" என்றோ "இப்போதே வில்" என்றோ சொல்பவர், நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவர் அல்ல. தொடக்க வருடத்தைத் தனக்கு வசதியாகத் தேர்ந்தவர், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியென்றால் தங்கம் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. காலத்தைப் பொறுத்தது என்கிறேன்.

கடைக்கார நானாவுக்கு வேண்டியது இரண்டு வருடத்தில் காசு. இரண்டு வருடத்தில் தங்கத்தின் விலைக்கும் பண நிரம்பலுக்கும் தொடர்பு இல்லை. 2011 செப்டெம்பரில் பவுண் 53 ஆயிரத்து 600 ரூபா போல இருந்தது. அன்று "இன்னும் ஏறும்" என்று எல்லோரும் சொன்னார்கள். 2015 முடிவில் 39 ஆயிரம். பழைய விலைக்குத் திரும்ப 2018 ஆனது. அந்த ஏழு வருடத்தில் நமது பண நிரம்பல் மூன்று மடங்கு ஆகியிருந்தது. மகளின் கல்யாணம் ஏழு வருடம் காத்திருக்காது. திருமண நாளில் நகையாகவே கொடுக்கப் போகிறார் என்றால் அந்த அளவுக்கு நகையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைக்கலாம். அப்போது விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குத் தேவை கிராம்தான். ஆனால் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் வைத்த காசைத் தங்கமாக்குவது சூதாட்டத்துக்குக் கிட்டப் போகிற வேலை.

அடகு வைத்துத் தங்கம் வாங்குவது அதைவிட மோசம். 2012, 2013ஐ மறந்திருக்க மாட்டீர்கள். விலை உச்சத்தில் இருந்தபோது வங்கிகள் நகைக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தன. 2013 ஏப்ரலில் இரண்டு வேலை நாளில் உலக விலை 200 டொலர் போல விழுந்தது. நகையின் பெறுமதி கடனுக்கும் வட்டிக்கும் கீழே போனது. மீட்பதில் பிரயோசனம் இல்லை என்று எத்தனையோ பேர் நகையை விட்டுவிட்டார்கள். வங்கிகளுக்கும் பெரிய நட்டம். அடகுக் கடைக்குப் போன தாலிக்கொடிகளும் காப்புகளும் ஏலத்தில் போயின. வீட்டிலிருக்கும் நகையே தங்கம்தான். அதை வைத்து, வட்டியும் கட்டி, இன்னும் தங்கம் வாங்கினால், விலை சும்மா நின்றாலே நட்டம். விழுந்தால் இரண்டும் போகும். அந்த வட்டியின் ஹராத்தை வேறு சுமக்க வேண்டும்.

மறுபக்கம், இருபது முப்பது வருடம் நிற்க வேண்டிய விடயங்களுக்கு அந்தத் தொடர்பு நமக்கு உண்மையான பாடம் ஒன்றைத் தருகிறது. அது தங்கம் வாங்குவதைப் பற்றியது அல்ல. ரூபாவில் வாக்குக் கொடுப்பதைப் பற்றியது.

முதலாவது, மஹர். எனது உம்மாவின் 1,001 ரூபா எங்கே போனது என்று மேலே சொன்னேன். இன்றும் நமது ஊரில் பதிவுப் புத்தகத்தில் ஒரு ரூபாத் தொகையை எழுதி, "பிறகு தாறன்" என்று விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. பிறகு என்பது சில வேளை கணவரின் மௌத்துக்குப் பிறகு. சில வேளை தலாக்கின்போது. அந்த நேரம் அந்தப் பெண்ணின் கையில் வருவது ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு. பிற்படுத்தும் மஹரைக் கிராமில் எழுதுங்கள். "24 கரட் தங்கம் இத்தனை கிராம்" என்று. மாப்பிள்ளையும் நினைத்ததைவிடப் பாரம் கூடும் என்று பயப்படுகிறாரா? அப்படியென்றால் உடனே கொடுத்துவிடட்டும். அதுதான் சிறந்தது.

இரண்டாவது, குடும்பத்துக்குள் கைமாறும் கடன். ராத்தாவின் நகையை வாங்கி வெளிநாடு போன தம்பிமார் நமக்குள் எத்தனை பேர். நகையாக வாங்கினால் நகையின் எடையை எழுதி வைத்து, எடையாகவே திருப்பிக் கொடுங்கள். பத்து வருடத்துக்குப் பிறகு "அன்றைய விலைக்குக் காசு தாறன்" என்று சொல்வது அந்தச் சகோதரியின் சொத்தைத் தின்பதுதான். காசாக வாங்கிய கடனைத் தங்கத்தின் விலையில் திருப்பிக் கேட்கலாமா என்பது வேறு மஸ்அலா. அதில் எனது கருத்தைச் சொல்ல மாட்டேன், உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் கொடுக்கும்போதே எதைக் கொடுக்கிறோம் என்று தெளிவாக எழுதி, சாட்சி வைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

மூன்றாவது, எதிர்காலத்துக்கு என்று ஒதுக்கி வைக்கும் சேமிப்பு. பதினைந்து வருடத்துக்குத் தொடத் தேவையில்லாத பணத்தில் ஒரு பங்கு தங்கமாக இருப்பது நியாயம். ஒரு பங்கு மட்டும். அதுவும் ஒரே நாளில் அல்ல, மாதத்துக்கு ஒரு கிராம், இரண்டு கிராம் என்று. அப்படி வாங்கினால் உச்சத்தில் முழுவதையும் வாங்கி மாட்டிக்கொள்ளும் ஆபத்து குறையும். சேமிப்புக்கு வாங்குவதென்றால் செய்கூலி குறைந்த காசு அல்லது கட்டியாக வாங்குங்கள். விற்கும்போது கடைக்காரர் செய்கூலியைத் திருப்பித் தர மாட்டார். ஸகாத் கணக்கில் அதைச் சேர்க்கவும் மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடுத்தது. 2022இல் நமது ரூபாவைத் தின்ற வேலை அதுதான். தங்கத்தின் கோட்டைப் பார்ப்பதைவிட இந்தச் சட்டத்தைத் தளர்த்தப் போகிறார்கள் என்ற செய்தி வருகிறதா என்று பாருங்கள். நமது பவுண் விலையின் ரூபாப் பாதி அங்கேதான் எழுதப்படுகிறது.

நேற்று அந்த நானாவின் கடைக்குப் போய் இந்தக் கணக்கையெல்லாம் கணக்குக் கொப்பியின் பின் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். மனைவியின் நகை அலுமாரியிலேயே இருக்கும் என்றார். மகளுக்கு வரும் மஹரைக் கிராமில் எழுதச் சொல்லி மாப்பிள்ளை வீட்டாரோடு பேசுவதாகவும் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சேர், அப்ப என்ட மனிசிட மஹர் ஐயாயிரம். இன்னும் குடுக்கல்ல. அதையும் இப்பவே பேசி முடிக்கணும் போல" என்றார்.

அவர் கேட்க வந்த கேள்வியைவிட அது நல்ல கேள்வி.

வஸ்ஸலாம்.